முன்னுரிமைக் கட்டம்: மார்ச் 9 – 13, சர்வர் பராமரிப்பு

ஆள் இரண்டு: சீனியர், ஜூனியர். மொத்தம் 80 மணி நேரம். மீட்டிங்குக்கு 6 போக 74. அதில் 45 மணிக்குத்தான் வேலை ஒதுக்கியிருக்கிறது. மீதி 29 திடீரென்று வரும் அழைப்புகளுக்கு. அதையும் நிரப்பினால் செவ்வாயன்றே கட்டம் குலைந்துவிடும்.

அவசரமா என்பதைக் கெடு சொல்லட்டும், கூப்பிடுபவரின் குரல் அல்ல. முக்கியமா என்பதற்கு ஒரே கேள்வி: இதைச் செய்யாவிட்டால் எத்தனை பேர் வேலை நிற்கும், அல்லது எந்தத் தரவு போகும்?

கட்டம் 1: அவசரம், முக்கியம் (12 மணி)

*டிஸ்க் 92% நிரம்பிவிட்டது. திங்கள் காலை முதல் வேலை, சீனியர், 3 மணி.* தரவுத்தளமும் லாக்கும் ஒரே டிஸ்க்கில் இருப்பதால், 100% தொட்டால் தரவுத்தளம் எழுதுவதை நிறுத்திவிடும். எது தின்கிறது என்று முதலில் பார்க்கவும்:

```
du -xsh /var/* | sort -h
lsof +L1
```

இரண்டாவது கட்டளையை விட்டுவிட வேண்டாம். ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும் லாக் ஃபைலை அழித்தாலும் இடம் திரும்பாது. அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால்தான் கிடைக்கும். 75 சதவீதத்துக்குக் கீழே வந்தால் போதும், லாக் சுழற்சியைச் சரிசெய்வது கட்டம் 2.

*இணையதளச் சான்றிதழ் வியாழன் காலாவதி. கெடு: செவ்வாய் மாலை. சீனியர், 3 மணி.* தேதியை `openssl x509 -enddate -noout -in site.crt` காட்டும், ஆனால் GMT நேரத்தில். உள்ளூர் நேரத்துக்கு மாற்றிப் பார்க்கவும். புதிய ஃபைலில் இடைநிலைச் சான்றிதழும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே `nginx -t`, பிறகு ரீலோட். இடைநிலை விட்டுப்போனால் நம் பிரவுசரில் தளம் ஒழுங்காகத் திறக்கலாம், சில மொபைல் ஆப்களில் மட்டும் பிழை வரும். அதனால் வேறொரு போனிலும் சோதிக்கவும்.

*புதியவருக்கு லேப்டாப், கணக்கு. புதன் காலை 9 மணிக்குள், ஜூனியர், 4 மணி.*

*விலகுபவரின் கணக்கு. வெள்ளி மாலை 5 மணி, சீனியர், 2 மணி.* அழிக்கக் கூடாது, முடக்க வேண்டும். முடக்கினாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் செஷன்கள் ஓடலாம். அவற்றையும் விபிஎன் அனுமதியையும் தனியாக ரத்து செய்யவும். அவர் அறிந்த பொதுப் பாஸ்வேர்டுகளை அன்றே மாற்றவும்.

கட்டம் 2: முக்கியம், அவசரமில்லை (18 மணி)

வாராவாரம் பலியாவது இந்தக் கட்டம்தான். ஆகவே நேரத்தோடு எழுதியிருக்கிறது. இந்த நேரத்தில் சீனியர் போன் எடுக்க மாட்டார், ஜூனியர் எடுப்பார்.

- *பேக்கப் மீட்புச் சோதனை. புதன் 10–4, 6 மணி.* சோதனை சர்வரில் மட்டும். ஒரு கோப்புறை, ஒரு முழுத் தரவுத்தளம். லாக்கில் "வெற்றி" என்று இருப்பது சாட்சியல்ல. நேற்றைய கடைசிப் பதிவு மீண்டதில் இருக்கிறதா, வரிசை எண்ணிக்கை ஒத்துப்போகிறதா, எத்தனை நிமிடம் பிடித்தது என்று குறிக்கவும். பேக்கப் அளவு பல நாட்களாக அச்சு மாறாமல் இருந்தால், அது புதிதாக எதையும் எடுக்கவில்லை என்று சந்தேகப்படலாம்.
- *செக்யூரிட்டி பேட்ச். வியாழன் 10–3, 5 மணி.* முதலில் சோதனை சர்வர். ஒரு இரவு ஓடட்டும். மற்றவை அடுத்த வாரக் கட்டத்துக்கு.
- *ரவுட்டர் அமைப்பைக் குறிப்பாக எழுதுதல், லாக் சுழற்சி. வெள்ளி 9–2, 5 மணி.*
- *யுபிஎஸ் பேட்டரி. வியாழன் மாலை, 2 மணி.* நான்காம் ஆண்டு ஓடுகிறது. சுயசோதனை செய்து, மாற்று பேட்டரிக்கு ஆர்டர் போடவும். தோற்றுவிட்டால் உடனே கட்டம் 1.

கட்டம் 3: அவசரம், முக்கியமில்லை (15 மணி, எல்லாம் ஜூனியர்)

பாஸ்வேர்டு ரீசெட்டும் சில்லறை அழைப்புகளும் (10 மணி): 11 மணிக்கும் 4 மணிக்கும் சேர்த்துச் செய்யவும். கேட்டவரை பதிவிலுள்ள எண்ணில் திருப்பி அழைத்து உறுதிசெய்த பிறகே ரீசெட், அதிகாரி கேட்டாலும் சரி. பிரின்டர் டோனர், 2. மீட்டிங் அறைத் திரை, 2. விற்பனையாளர் அழைப்பு, 1: "விலைப்பட்டியலை மெயிலில் அனுப்புங்கள்" போதும்.

ஜூனியர் 30 நிமிடத்தில் தீர்க்க முடியாததை சீனியரிடம் கொண்டுவரலாம், கட்டம் 2 நேரம் தவிர. சர்வரே படுத்துவிட்டால் மட்டும் எந்த நேரமும்.

கட்டம் 4: இரண்டுமில்லை (0 மணி)

கேபிள் லேபிள்களை ஒரே நிறமாக்குவது. புதிய கண்காணிப்பு மென்பொருள்களை ஒப்பிடுவது (உழைப்பதுபோல் தோன்றும், அதுதான் ஆபத்து). 14 பக்க வாராந்திர அறிக்கை: இந்த வாரம் அனுப்பவில்லை. யாராவது கேட்டால் அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துத் தரலாம்.

புதன் மாலை 4:30, மறுபார்வை (10 நிமிடம்)

கட்டம் 1-இல் அன்றைக்குள் முடிய வேண்டியது எதுவும் பாக்கி என்றால், வியாழன் பேட்ச் வேலை தள்ளிப்போகும். மீட்புச் சோதனை பாதியில் நின்றிருந்தால் வெள்ளிக் குறிப்பெழுதும் நேரம் அதற்கு.