வளைகாப்புக்கு வந்தவர்களுக்கு நன்றி அட்டை வரிகள்

எல்லா அட்டையின் முகப்பிலும்
நேற்று வெளியே ஒரே சிரிப்பும் பாட்டும்! எட்டிப் பார்க்கலாம் என்றால் அம்மா வயிற்றில் ஜன்னல் இல்லை. வந்ததற்கு நன்றி. சீக்கிரம் நேரில் பார்ப்போம்.
— உள்ளே இருக்கும் வாண்டு

வளையல் அடுக்கிய பெரியம்மாவுக்கு
பெரியம்மா, சோப்பு நுரை தடவி, விரலை மடக்கி, ஒன்றுகூட உடையாமல் இரண்டு கையிலும் ஏற்றிவிட்டீர்கள்! ஏழாம் மாதத்தில் பிள்ளைக்கு வெளிச்சத்தம் கேட்குமே, நான் கையை ஆட்டினாலே உள்ளே ஓர் உதை. வலக்கையை ஆட்டினால் ஒன்று, இரண்டையும் ஆட்டினால் நடனமே ஆடுகிறது. ராத்திரி புரண்டு படுத்தால் அம்மாவும் அப்பாவும் எழுந்துவிடுகிறார்கள். பரவாயில்லை, பிரசவம் வரைக்கும் கழற்ற மாட்டேன்.

பாட்டிக்கு
பாட்டி, பால்மரம் சீவிச் சீவிக் காய்த்துப்போன கையால் கன்னத்தில் சந்தனம் பூசினீர்கள். எவ்வளவு மெதுவாகப் பூசினீர்கள்! இருட்டோடு எழுந்து பிரட்டுக்குப் போன காலத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பீர்களே, விடியற்காலை நாலு மணிக்கு உதைக்கிற உங்கள் கொள்ளுப்பேரப்பிள்ளை யாரைக் கொண்டிருக்கிறது என்று இப்போதுதான் புரிகிறது.

சோறு ஆக்கிய அத்தைக்கு
எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல். இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு என்றீர்கள், நாலு பேருக்குப் பரிமாறினீர்கள். மிச்சத்தைப் பொங்கூஸ் கட்டிக்கொண்டு போனவர்கள் எல்லாம் இன்னும் உங்கள் புளிச்சோற்றைத்தான் பேசுகிறார்கள். பிள்ளைக்குப் பல் முளைக்கட்டும், அப்புறம் உங்கள் வீட்டில்தான் அதற்குச் சாப்பாடு!

பந்தல் போட்ட மாமாக்களுக்கு
சுங்கை சிப்புட் மழை எங்கள் மேல் ஒரு சொட்டுகூட விழவில்லை. தாய்மாமன்கள் இருக்கும்போது எப்படி விழும்?

கோலாலம்பூரிலிருந்து வந்த அக்காவுக்கும் அத்தானுக்கும்
டோல் காசு கொடுத்து, லாரிக்குப் பின்னால் ஊர்ந்து, காரின் பின்சீட் முழுக்கப் பேம்பர்ஸ் ஏற்றி வந்தீர்கள். அதை எல்லாம் தீர்ப்பது என் பொறுப்பு. உறுதியாகத் தீர்த்துவிடுவேன்.
— வாண்டு

ஆணா பெண்ணா என்று பந்தயம் கட்டிய லயத்து அக்காமார்களுக்கு
வயிறு கூம்பு, பையன்தான் என்று ஒரு கட்சி. முகத்தில் களை கூடியிருக்கிறது, பொண்ணுதான் என்று ஒரு கட்சி. இரண்டு கட்சிக்கும் நன்றி. நான் சொல்ல மாட்டேன், நீங்களே வந்து பாருங்கள்.

வர முடியாமல் போனவர்களுக்கு
சோறு தீர்ந்துவிட்டது. உங்கள் பங்கு வளையல் மட்டும் இந்த அட்டையோடு வருகிறது.

தமிழ்ப்பள்ளி டீச்சர்மார்களுக்கு
பெயர்கள் எழுதிய நோட்டுப் புத்தகம் எல்லாப் பரிசிலும் ஒசத்தி. இடப்பக்கம் ஆண் பிள்ளைக்கு, வலப்பக்கம் பெண் பிள்ளைக்கு, எழுத்துப்பிழைக்குச் சிவப்பு மை திருத்தம் வேறு! வீட்டில் எல்லாரும் படித்து ஆளுக்கொரு பெயருக்கு அடையாளம் போட்டாயிற்று. சரி, ஒன்றாம் ஆண்டு வகுப்பில் முன்வரிசையில் ஒரு நாற்காலி பிடித்து வையுங்கள். ஏழு வயதில் வந்து உட்கார்ந்துவிடும்.