80% வாடிக்கையாளர் திருப்தி: நீ அனுப்பிய கணக்கின் தீர்வு

தம்பி, படம் கிடைத்தது. வலது ஓரத்தில் ஒரு சொல் பாதி வெட்டுப்பட்டு 'குறைந்' வரைதான் தெரிகிறது. அது 'குறைந்தது' என்றே வர வேண்டும். நான் படித்த வரையில் கணக்கு இதுதான்:

"ஓர் இணையச் சேவை நிறுவனம், தன் வாடிக்கையாளர்களில் குறைந்தது 80% பேர் திருப்தியாக இருப்பதாகக் கூறுகிறது. சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுத்த 400 பேரில் 304 பேர் திருப்தி என்றனர். 5% முக்கியத்துவ மட்டத்தில் அந்தக் கூற்றைச் சோதிக்க."

அந்த வெட்டுப்பட்ட சொல்லில்தான் பாதிக் கணக்கு இருக்கிறது. 'குறைந்தது 80%' என்பவரை 85% வந்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. 80-க்குக் கீழே போனால்தான் கேள்வி. அதனால் இது இடப்பக்க ஒருமுனைச் சோதனை. 'சரியாக 80%' என்று இருந்தால் இருமுனை.

```
H0: p = 0.80
H1: p < 0.80
```

இன்மைக் கருதுகோளில் p ≥ 0.80 என்று எழுதினாலும் சரிதான். கணக்கிட எல்லை மதிப்பான 0.80-ஐ எடுப்போம். np₀ = 320, n(1−p₀) = 80. இரண்டும் 10-ஐத் தாண்டுவதால் இயல்நிலைப் பரவலைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

```
p̂  = 304/400 = 0.76
SE = √(0.80 × 0.20 / 400) = 0.02
z  = (0.76 − 0.80) / 0.02 = −2.00
```

பக்கத்தில் பென்சிலால் நீ போட்டதையும் பார்த்தேன். திட்டப்பிழையில் 0.76 × 0.24 எடுத்ததால் உனக்கு −1.87 வந்திருக்கிறது. அந்தச் சூத்திரம் நம்பிக்கை இடைவெளிக்கு உரியது. சோதனையில் இன்மைக் கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டே பரவலைக் கட்டுகிறோம். ஆகவே உள்ளே p₀ தான் வர வேண்டும். இந்தக் கணக்கில் −1.87 வைத்தாலும் முடிவு மாறாது என்பதால் பிழை கண்ணில் படாமல் போயிருக்கும். இருமுனைச் சோதனையாக இருந்தால் எல்லை ±1.96, −2.00 நிராகரிக்கும், −1.87 நிராகரிக்காது. விடையே புரண்டுவிடும்.

ஒருமுனையில் 5% எல்லை −1.645. நம் z அதற்கும் கீழே இருப்பதால் H0-ஐ நிராகரிக்கிறோம். p-மதிப்பு 0.0228. உண்மையான திருப்தி 80% ஆகவே இருந்தால், 400 பேரில் 304 அல்லது அதற்கும் குறைவானோர் திருப்தி என்று சொல்ல நூற்றுக்கு ஏறத்தாழ 2.3 வாய்ப்புதான். கூற்று பொய்யாக இருக்க 97.7% வாய்ப்பு என்று மட்டும் எழுதிவிடாதே. P-மதிப்பு அதைச் சொல்வதில்லை.

விடைத்தாளில் இப்படி முடி: "5% மட்டத்தில், திருப்தியான வாடிக்கையாளர் விகிதம் 80%-ஐ விடக் குறைவு என்பதற்குப் போதிய சான்று உள்ளது, நிறுவனத்தின் கூற்றை ஏற்க இயலாது."

அடுத்த உட்பிரிவு 1% மட்டத்தில் கேட்கிறது. எல்லை −2.326 ஆகிவிடும், −2.00 அதைத் தொடாது. அங்கே 'கூற்று உண்மை' என்று எழுதாமல், 'நிராகரிக்கப் போதிய சான்று இல்லை' என்று எழுது.