ராஜம் பெரியம்மா கடிதம்: அம்மாவுக்குச் சுருக்கமா

தம்பி, இதை அம்மாவுக்கு நிதானமா வாசிச்சுக் காட்டு. கடிதம் மொத்தம் 11 பக்கம். மேற்கோள் குறிக்குள்ள இருக்கறது பெரியம்மா எழுதினபடியே. அதை மட்டும் உன் வார்த்தையில சொல்லிடாத.

அம்மா, முதல்ல முக்கியமான சேதி. கடிதத்துல இது ஏழாம் பக்கத்துல, நார்த்தங்காய் போட்ட கதைக்கு நடுவுல வருது. பெரியம்மாவுக்கு இடது முழங்கால் மாற்று ஆபரேஷன். மாசி 10, தஞ்சாவூர்ல. அஞ்சு நாள் ஆஸ்பத்திரி, அப்புறம் ஆறு வாரம் வாக்கர்னு டாக்டர் சொன்னாராம். வலது கால் பிறகுதான். பெரியவன் ஒரு வாரம் லீவு போட்டு வர்றான். அதுக்கப்புறம் கூட யார்னு எழுதல. "உன்னை வரச் சொல்லலடி, நீ கண்ணைப் பாத்துக்கோ." அடுத்த வரியே, "கூடத்துல ரெண்டாவது கட்டில் போட்டு ஃபேனும் மாத்தியாச்சு." என்னைக் கேட்டா, கடிதமே இந்த ரெண்டு வரிக்காக எழுதினதுதான்.

சம்பா கைக்கு வந்தது பாதிதான். அறுக்கற நேரத்துல மழை, பயிர் சாஞ்சு கதிர் தண்ணியில கிடந்து முளைச்சிடுச்சு. டயர் வண்டி வயல்ல இறங்கல, செயின் வண்டிதான். ஏக்கருக்கு ஒரு மணி நேரத்துல முடியற அறுப்பு ரெண்டு மணி நேரம் இழுத்து வாடகை ஏறிப்போச்சு. நெல் கொள்முதல் பண்ற டிபிசியில ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருக்குன்னு திருப்பிட்டாங்க, ரோட்டுல மூணு நாள் காயவெச்சு மறுபடி கொண்டுபோய்ப் போட்டாங்களாம். பசங்க நிலத்தை வித்துடலாம்ங்கறாங்க. இந்த இடத்துல பெரியம்மாவுக்கு நல்ல கோபம்: "நான் இருக்கறவரைக்கும் வரப்புல யாரும் டேப் பிடிக்க வேண்டாம்."

பெரியப்பா தலைத்திவசம் கார்த்திகையில முடிஞ்சுது. நாலு பக்கம் எழுதியிருக்காங்க; யார் வந்தா, என்ன சமைச்சாங்கன்னு பெரும்பாலும் பட்டியல்தான், அதை நேர்ல சொல்றேன். அழுததா எங்கயும் எழுதல. ஆனா நீ வராதது ஒரு இடத்துல வருது: "வாசல்ல ஆட்டோ நின்னப்பெல்லாம் எட்டிப் பாத்தேன்." குறையா சொல்லல. உடனே பேச்சை மாத்தி, கறவை மாடு பக்கத்து வீட்டுக் கொடியில காஞ்ச வேட்டியைத் தின்ன கதைக்குப் போயிடறாங்க. சிரிச்சு சிரிச்சு எழுதியிருக்காங்க, ஒரு பக்கம் முழுக்க.

சின்னவ பொண்ணு பன்னெண்டாவது பரீட்சை எழுதறா. பட்டா இன்னும் பெரியம்மா பேருக்கு மாறல. வாரிசு சான்றிதழ் வந்தாச்சு.

பதில் சொல்ல வேண்டியது ரெண்டு. ஒண்ணு, மாசி 10. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம். உனக்குச் சொட்டு மருந்து முடிஞ்சு, அவங்க வீட்டுக்கு வந்த அப்புறம் போனா போதும்னு தோணுது, கண் டாக்டரைக் கேட்டுட்டுச் சொல்லு. ரெண்டு, நீ கேட்ட பித்தளை அருக்கஞ்சட்டி அவங்ககிட்டதான் இருக்காம், கொடுத்தனுப்பவா, வந்து எடுத்துக்கறியான்னு கேட்டிருக்காங்க. போன் மதியம் ரெண்டு மணிக்கு மேல பண்ணு, காலையில அவங்க களத்துல இருப்பாங்க.