மரநாய்க்கு வைத்த விருந்து

கதைக்கு முன்னால், பிள்ளைகளே, ரெண்டு வார்த்தை.

இது நம்ம ஊர்க் கதை இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் கானா நாட்டுப் பக்கம் பாட்டிமார் சொல்லிவந்த கதை. அங்கே இதில் வருவது அனான்சி என்ற சிலந்தி. அனான்சி என்றாலே அவர்கள் மொழியில் சிலந்திதான். அந்த மக்களை அடிமைகளாகப் பிடித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போன காலத்தில், கையில் ஒன்றுமில்லாமல் போனவர்கள் மனசில் இந்தக் கதைகளைக் கொண்டுபோனார்கள். அதனால் ஜமைக்காத் தீவிலும் அனான்சி கதை இன்றைக்கும் உண்டு.

தமிழில் சொல்லும்போது சிலந்திக்குப் பதிலாக யாரைப் போடலாம் என்று ரொம்ப நாள் யோசித்தேன். காக்காவைப் போடலாம் என்றால் மனசு வரவில்லை. ஒரு பருக்கை கிடைத்தாலும் கா கா என்று ஊரையே கூப்பிடுகிற பறவை அது. வள்ளுவரே பாராட்டியிருக்கிறார். நரிக்கு ஏற்கெனவே ஆயிரம் கதை இருக்கிறது. கடைசியில், ராத்திரி பனையேறிக் கலயத்தில் பதனீர் குடிக்கிற மரநாய் வந்து நின்றது. ஆமை ஆமையாகவே இருக்கிறது. அவர்கள் கதையில் வரும் கிழங்கு நம்ம காச்சிலுக்கு உறவுக்காரன்தான், அதனால் அதையும் மாற்றவில்லை. கடைசியில் ஒரு சின்னத் துண்டு மட்டும் நான் சேர்த்தது. எது என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.

இனி கதை.

மருந்துவாழ்மலை அடிவாரத்தில், ஒரு பனைமூட்டில் மரநாய் வீடு கட்டியிருந்தது. ஒருநாள் அது கிழங்கு அவித்தது. நல்ல மாவுக் காச்சில். பானையைத் திறந்தால் ஆவி குப்பென்று முகத்தில் அடிக்கும், கிழங்கு பூப்போல விரிந்து கிடக்கும். பக்கத்துச் சட்டியில் புளி விட்ட சாளைக்கறி. அம்மியில் காந்தாரி மிளகாயும் உள்ளியும் உப்பும் நச்சிவைத்த துவையல்.

மரநாய் இலையைப் போட்டது. முதல் கிழங்கைப் பிட்டது. அப்போது வாசலில் சரட் சரட் என்று ஒரு சத்தம்.

எட்டிப் பார்த்தால் ஆமை. தேரூர்க் குளத்து ஆமை. மலையைப் பார்க்க ஆசைப்பட்டுக் காலையில் குளத்தைவிட்டுக் கிளம்பியது, வழி தப்பிப் பொழுது சாயும்போது இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஓடெல்லாம் புழுதி.

"நல்ல மணமா இருக்கே" என்றது ஆமை. "காலையில இருந்து பச்சத்தண்ணிகூட குடிக்கல."

வீடு தேடி வந்தவரைச் சாப்பிடச் சொல்லாமல் அனுப்பினால் ஊர் என்ன சொல்லும்? மரநாய்க்கு அந்தப் பயம் இருந்தது. ஆனால் கிழங்கைக் கொடுக்கவும் மனசில்லை.

"வாரும் ஓய், இரும்" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. ஆமை ஆசையாக இலை முன்னால் உட்கார்ந்து கையை நீட்டியது.

"அய்ய! கையப் பாரும், எவ்வளவு மண்ணு! கழுவாம இலையில கை வைக்கலாமா? அந்தா இருக்கு ஓடை. போய்க் கழுவிட்டு வாரும்."

ஆமை பார்த்தது. உண்மைதான், அழுக்குக் கை. மெதுவாக நடந்து ஓடைக்குப் போய், நாலு பாதத்தையும் தேய்த்துக் கழுவிவிட்டு மெதுவாகத் திரும்பி வந்தது. அதற்குள் பாதிக் கிழங்கு காலி.

"ஆறிப்போயிரும்னு நான் தொடங்கிட்டேன்" என்றது மரநாய். "சரி, கை எங்க, காட்டும்?"

ஆமை காட்டியது. திரும்பவும் மண்! ஆமைக்குக் கையும் ஒன்றுதான், காலும் ஒன்றுதான். ஈரக் கையை ஊன்றித்தானே நடந்து வரவேண்டும்? அதுவும் காற்றுக்காலம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வருகிற காற்று வழியில் கிடந்த புழுதியை எல்லாம் வாரி ஈரத்தில் அப்பியிருந்தது.

"மறுபடியும் அழுக்கு! போய்க் கழுவும் ஓய்."

ஆமை போனது. இந்தத் தடவை ஓரமாக, புல்லைப் பார்த்துப் பார்த்துக் கால்வைத்து வந்தது. கை பளபளவென்று இருந்தது. ஆனால் பானை கவிழ்ந்து கிடந்தது. கறிச்சட்டியை மரநாய் விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தது. ஆமையின் இலையில் ஒரு தோல்கூட இல்லை.

ஆமை கோபப்படவில்லை. வெறும் இலையைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு, "விருந்துக்குக் கூப்பிட்டதுக்குச் சந்தோசம். ஒருநாள் எங்க குளத்துக்கு வாரும். நானும் இலை போடணும்லா" என்று சொல்லிவிட்டு நடந்தது.

மரநாய்க்கு நாள் போகவில்லை. ஓசி விருந்து! நாலாம் நாள் சாயங்காலமே தேரூர்க் குளக்கரையில் வந்து நின்றது. தாமரை பூத்துக் கிடந்தது. நாரைகள் ஒற்றைக்காலில் நின்றன.

"வந்திட்டீரா? இரும், இலை போட்டுட்டுக் கூப்பிடுதேன்" என்று ஆமை தண்ணீருக்குள் போனது. கொஞ்ச நேரத்தில் குமிழி விட்டுக்கொண்டு மேலே வந்தது. "வாரும், எல்லாம் ரெடி."

மரநாய் குனிந்து பார்த்தது. தெளிந்த தண்ணீர். அடியில் தாமரை இலை விரித்து விருந்து! தாமரைக்கிழங்குத் துவரன், நீர்க்கீரை அவியல், ஓரத்தில் அல்லிவிதைப் பாயசம். மரநாய் தொபுக்கென்று குதித்தது. அதே வேகத்தில் மேலே வந்தது. புசுபுசுவென்று முடி, ஒல்லி உடம்பு. மூச்சைப் பிடித்து முங்கினாலும் தக்கை மாதிரி மிதந்தது. கீழே ஆமை நிதானமாக ஒரு வாய் எடுத்து வைத்தது.

மரநாய் கரைக்கு ஓடியது. திருவிழாச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தது அல்லவா? பை நிறையக் கூழாங்கல்லைப் பொறுக்கிப் போட்டது, திரும்பக் குதித்தது. இப்போது கடகடவென்று இறங்கி இலைக்கு நேராக வந்து உட்கார்ந்தது! நாக்கில் எச்சில் ஊறியது.

கையை நீட்டப்போனபோது ஆமை சொன்னது: "கொஞ்சம் பொறும். சுசீந்திரம் கோயிலுக்குப் போயிருக்கீரா?"

"போகாம? தேருக்கெல்லாம் போயிருக்கேன்."

"சட்டை போட்டுக்கிட்டா உள்ள போவீரு?"

"இல்ல, கழற்றித் தோள்ல போட்டுக்கிடுவோம்."

"எங்க குளத்துக்கும் அதே முறைதான். சட்டையோட பந்தியில இருக்கமாட்டோம். கழற்றி வச்சிட்டு உட்காரும்."

மரநாய் ஆமையின் முகத்தைப் பார்த்தது. முறை என்று சொன்ன பிறகு என்ன பேச? அதுவும் தான் சொன்ன அதே குரலில். பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றியது. கடைசிப் பொத்தான் விட்டதும் சட்டை கல்லோடு சேற்றில் உட்கார்ந்தது. மரநாய் மட்டும் மேலே, மேலே, மேலே போய் ஒரு தாமரை மொட்டில் முட்டி நின்றது.

அங்கிருந்து தலையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தது. இலையில் பாயசம் குறைந்துகொண்டே வந்தது. கீழே ஆமையும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தது. ரெண்டு பேருக்கும் அந்த வெறும் இலை ஞாபகம் வந்தது.

அடுத்த காச்சில் அறுவடையின்போது, ஆமையைத் திரும்பவும் விருந்துக்குக் கூப்பிட மரநாயிடமிருந்து ஆள் வந்தது. போகலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்துத்தான் போனது. ஓடையில் கை கழுவித் திரும்பினால், கரையிலிருந்து மரநாய் வீட்டு வாசல்வரைக்கும், காற்றில் பறக்காமல் ஓரத்தில் கூழாங்கல் வைத்து, வாழையிலை விரித்திருந்தது.