ஜி.ஐ.எஸ். உதவியாளர் பணிக்கு விண்ணப்பம் – மேலூர்க் கண்மாய்களின் நீர்ப்பரப்பு வரைபடம் இணைப்பில்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நீர்நிலை வரைபடப் பணிக்கு ஜி.ஐ.எஸ். உதவியாளர் தேவை என்ற உங்கள் விளம்பரத்தைப் பார்த்தேன். ஓராண்டு அனுபவம் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது இல்லை. பி.எஸ்சி. புவியியல் படித்துவிட்டு, மதுரையில் மூன்று மாத ஜி.ஐ.எஸ். சான்றிதழ்ப் பயிற்சியை இப்போதுதான் முடித்திருக்கிறேன். பயிற்சியின் இறுதியில் நான் செய்த வேலை நீங்கள் ஆள் தேடும் வேலைக்கு மிக நெருக்கமானது. அதை மட்டும் பார்த்து முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மேலூர்ப் பகுதி பெரியாறு கால்வாயின் ஒருபோகப் பாசனப் பகுதி. கால்வாய்த் தண்ணீர் கண்மாய்களில் தேங்கித்தான் வயலுக்குப் போகிறது. எங்கள் ஊரைச் சுற்றியுள்ள கண்மாய்களில் 2018 முதல் 2024 வரை ஒவ்வொரு ஜனவரியிலும் எவ்வளவு பரப்பில் தண்ணீர் நின்றது என்று சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணக்கிட்டேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகமில்லாத படம் கிடைப்பது அரிது, அதனால்தான் ஜனவரி. க்யூ.ஜி.ஐ.எஸ். ராஸ்டர் கால்குலேட்டரில் நான் பயன்படுத்திய கணக்கு இது:

```
("B03@1" - "B08@1") / ("B03@1" + "B08@1")
```

இந்தக் கணக்கை யாரும் போடலாம். அதற்கு முன்னும் பின்னும் செய்தவற்றைத்தான் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, 2022 ஜனவரி 25 முதல் புதிய முறையில் தயாராகும் படங்களில் ஒவ்வொரு பிக்சல் மதிப்போடும் 1000 கூட்டப்பட்டிருக்கும். அதைக் கழிக்காமல் இந்தக் கணக்கைப் போட்டால் விடை சுழியை நோக்கி இழுபடும். 0.1 போன்ற ஓர் எல்லையை வைத்துத் தண்ணீரைப் பிரிக்கும்போது, கண்மாய் சுருங்கிவிட்டதாகப் பொய்யான முடிவு வரும். ஆகவே ஒவ்வொரு படத்தின் மெட்டாடேட்டாவையும் திறந்து பார்த்து, கழிக்க வேண்டியவற்றில் கழித்த பிறகே ஆண்டுகளை ஒப்பிட்டேன்.

இரண்டாவது, ஆகாயத்தாமரை. கணக்கின்படி ஒரு பெரிய கண்மாயில் தண்ணீர் பாதிக்கும் கீழே இருந்தது. நேரில் போய்ப் பார்த்தால் கலுங்கு வரை நீர் நிற்கிறது, மேலே பச்சையாக மூடியிருக்கிறது. செயற்கைக்கோளுக்கு அது செடி மட்டுமே. கண்மாய்க்குள் வளர்ந்திருக்கும் சீமைக் கருவேலமும் படத்தில் அதே பச்சைதான். இரண்டையும் பிரிக்க ஏப்ரல் மாதப் படத்தை எடுத்தேன். கண்மாய் வற்றியதும் ஆகாயத்தாமரை காய்ந்துவிடும். கருவேலம் கோடையிலும் பச்சையாகவே நிற்கும். ஏப்ரலிலும் வற்றாத கண்மாய்களுக்கு இந்த வழி உதவாது. அங்கெல்லாம் நீர்பாய்ச்சிகளிடம் கேட்டும், கரையில் நடந்து செல்போன் ஜி.பி.எஸ்.ஸில் புள்ளி எடுத்தும் குறித்தேன். வரைபடத்தில் திறந்த நீர், செடி மூடிய நீர், கருவேலம் மூன்றும் தனித்தனி நிறத்தில் இருக்கின்றன. விவசாயிக்கும் பொறியாளருக்கும் இந்த வேறுபாடுதான் முக்கியம் என்று உறுதியாக நம்புகிறேன். தூர்வார வேண்டிய கண்மாய் வேறு, செடி அகற்ற வேண்டிய கண்மாய் வேறு.

வரைபடத்தின் வரம்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர். சிறிய ஊருணிகளில் கரையோரப் பிக்சல்களே பெரும்பங்காகிவிடுவதால் அவற்றைப் பரப்புக் கணக்கில் சேர்க்கவில்லை. இது நீர்ப்பரப்பு மட்டுமே. ஆழம் தெரியாமல் கொள்ளளவு சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை.

டி.ஜி.பி.எஸ். கருவியையும் டிரோன் படங்களையும் நான் இன்னும் கையாண்டதில்லை. உங்கள் விளம்பரத்தில் அவை கூடுதல் தகுதியாகவே இருக்கின்றன. வேலையில் சேர்ந்து கற்றுக்கொள்கிறேன். கள வேலைக்கு எந்த ஊருக்கும் வரத் தயார். கிராமத்தில் யாரிடம் என்ன கேட்டால் கண்மாயின் வரத்துக் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது என்று தெரியும் என்பதை, பாசனக் குடும்பத்தில் வளர்ந்தவள் என்பதால் நன்றாக அறிவேன்.

melur_kanmai.qgz கோப்பு, அட்டவணை, வரைபடத்தின் பி.டி.எஃப். மூன்றையும் இணைத்திருக்கிறேன். நேரம் குறைவென்றால் பி.டி.எஃபின் இரண்டாம் பக்கத்தை மட்டும் பாருங்கள். ஆகாயத்தாமரையைப் பிரிப்பதற்கு முன்னும் பின்னுமான படங்கள் அருகருகே இருக்கின்றன. உங்களிடம் உள்ள ஏதேனும் ஒரு கண்மாயைக் கொடுத்து இதே வேலையைச் செய்துகாட்டச் சொன்னாலும் மகிழ்ச்சியோடு செய்வேன். அடுத்த வாரம் எந்த நாளிலும் நேர்காணலுக்கு வர முடியும்; தேர்வானால் உடனே பணியில் சேரலாம்.

நன்றி.

இப்படிக்கு,
கார்த்திகா
மேலூர், மதுரை மாவட்டம்