தீவுத் தமிழ், மூன்றாம் பருவம்: "இரண்டாம் வரி" (முன்னோட்டம், ஒலிப்பதிவுப் பிரதி)

(ஒலி: போர்ட் லூயிஸ் மத்தியச் சந்தை. காலை இரைச்சல். யாரோ கீரைக்கட்டில் தண்ணீர் தெளித்து உதறுகிறார்கள்.)

காய்கறி விற்கும் பெண்: பிரேத் மூரூம்! கரிபூலே!

தொகுப்பாளர்: கேட்டீர்களா? மூரூம் என்றால் முருங்கை. கரிபூலே என்றால் கறிவேப்பிலை. மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸின் சந்தையில் கூவி விற்கும் இந்த அம்மாவுக்குத் தமிழ் பேச வராது. வீட்டிலும் வெளியிலும் அவருக்கு, பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவு மொழியான கிரியோல்தான். ஆனாலும் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அவர் வாயில் தமிழ் புழங்குகிறது. அது தமிழ் என்று நான் சொன்னபோது, கையிலிருந்த கட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

(ஒலி: சந்தை இரைச்சல் அடங்குகிறது. தாள் சரசரக்கும் ஓசை.)

தொகுப்பாளர்: என் கையில் இருப்பது நூறு ரூபாய் நோட்டு. மொரீஷியஸ் பணம். பலமுறை மடித்துப் பிரித்ததில் நடுவில் வெள்ளைக் கோடு விழுந்துவிட்டது. மேலே ஆங்கிலம். அதற்கு அடுத்து தமிழ். தமிழுக்குக் கீழே இந்தி. பேருந்தில் டிக்கெட் வாங்குகிறவர்களும் கடையில் ரொட்டி வாங்குகிறவர்களும் அந்த இரண்டாம் வரியைத் தினமும் தொடுகிறார்கள். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர்.

1998இல் புதிய நோட்டுகள் வந்தபோது வரிசை மாறியிருந்தது. தமிழ் கீழே இறங்கியிருந்தது. தமிழர்கள் கொதித்து எழுந்தார்கள். அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன.

ஆண் குரல், முதியவர் (கிரியோலில் தொடங்குகிறது, தமிழ்க் குரல் மேலெழுகிறது): எனக்குத் தமிழ் எழுதத் தெரியாது. அப்போதும் தெரியாது. என் மகன் கேட்டான், "படிக்கத் தெரியாத எழுத்துக்காகவா தெருவில் நிற்கிறீர்கள் அப்பா?" நான் அவனிடம் சொன்னேன்...

(ஒலி: குரல் நிற்கிறது. ஒரு நொடி மௌனம்.)

தொகுப்பாளர்: அவர் மகனுக்குச் சொன்ன பதிலை இங்கே நான் வைக்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்கு வந்து சேர அவருக்கு நாற்பது நிமிடம் ஆனது. நடுவில் எழுந்து போய்த் தேநீர் போட்டார். சன்னலைச் சாத்தினார். அந்த நாற்பது நிமிடமும் நீங்கள் அவரோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. அது இரண்டாம் அத்தியாயம்.

(ஒலி: கல் படிகளில் காலடி ஓசை. கடல் காற்று.)

தொகுப்பாளர்: ஆப்ரவாசி காட், போர்ட் லூயிஸ் துறைமுகத்தின் பழைய இறங்குதளம். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஏறிய 16 படிகள். ஏறியவுடன் ஓர் எண், ஒரு பதிவு. சொன்ன பெயர் ஒன்று, எழுத்தரின் காதில் விழுந்தது ஒன்று, பேரேட்டில் ஏறியது வேறொன்று. அவர்களுக்கும் நூறு ஆண்டு முன்னதாக, 1730களில், புதுச்சேரியிலிருந்து கப்பலேறி வந்து இந்தத் துறைமுகத்தைக் கட்டிய தச்சர்களும் கொத்தனார்களும் இருந்தார்கள். அவர்களைத் தேடியும் போகிறோம்.

பெண் குரல், நடுவயது (தமிழ்க் குரலில்): எங்கள் குடும்பப் பெயருக்குப் பொருள் என்னவென்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மோக்கா ஊரின் ஆவணக் காப்பகத்தில் பழைய ஆவணத்தைப் புரட்டிக் காட்டினார்கள். விரலை வைத்து வாசித்துக்கொண்டே போனேன். அந்த வரி வந்ததும் விரலை எடுக்க முடியவில்லை.

(ஒலி: கோயில் மணி, தொலைவில் காவடிப் பாட்டு.)

தொகுப்பாளர்: தைப்பூசம் இங்கே பொது விடுமுறை. விரதம் இருந்து, அலகு குத்தி, மலையேறுகிறார்கள். பலர் கையில் பாட்டு நோட்டு இருக்கிறது. தமிழ்ப் பாட்டுத்தான், ஆனால் ரோமன் எழுத்தில். ஒரு பதினாறு வயதுப் பெண் தன் பாட்டியின் நோட்டை எனக்குக் காட்டினாள். பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதிய சிறு குறிப்புகள். பாட்டுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. அவை யாருக்காக எழுதப்பட்டவை என்று நாங்கள் கண்டுபிடித்த மாலையில் பதிவுக் கருவியை அணைக்க மறந்துவிட்டேன். நல்லவேளை.

வாழை இலையில் பரிமாறும் ஏழு கறியும் வரும், ரசோன் என்று பெயர் மாறிய ரசமும் வரும். பசியோடு கேட்காதீர்கள்.

மொழி போய்விட்டால் என்ன மிஞ்சும் என்று இரண்டு ஆண்டுகளாக வீடு வீடாகக் கேட்டேன். யாரும் எனக்கு ஒரே பதிலைத் தரவில்லை. சிலர் கோபப்பட்டார்கள். ஒருவர் பாடினார். ஒருவர் கதவைச் சாத்திவிட்டு, மறு வாரம் அவரே தொலைபேசியில் அழைத்தார்.

தீவுத் தமிழ், மூன்றாம் பருவம்: "இரண்டாம் வரி." எட்டு அத்தியாயங்கள். தைப்பூசத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை தொடங்கி, வாரம் ஒன்று. நீங்கள் வழக்கமாகப் பாட்காஸ்ட் கேட்கும் செயலியிலேயே கிடைக்கும். கிரியோலில் பேசுகிறவர்களுக்குத் தமிழ்க் குரல் கொடுத்திருக்கிறோம், ஆனால் அவர்களின் சொந்தக் குரலை எங்கும் முழுதாக மறைக்கவில்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

(ஒலி: மீண்டும் சந்தை.)

காய்கறி விற்கும் பெண் (மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக): மு... ருங்... கை.