ஞாயிற்றுக்கிழமைத் தார்

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவில் அப்பாயிக்கு 'அழுத்தக்காரி' என்று பெயர். குழாயடியில் நாலு பேர் சேர்ந்து சிரித்தால் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். யாராவது செத்துப்போனால் போவார், அழாமல் உட்கார்ந்திருப்பார், திரும்புவார். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போன அப்பாவும் அம்மாவும் என்னை இங்கே விட்டபோது எனக்குப் பத்து வயது. முதல் ராத்திரி நான் அழுததற்கும் அப்பாயி ஒன்றும் சொல்லவில்லை. பாயை என் பக்கமாக நகர்த்திப் போட்டுப் படுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்வார். தாத்தா தெருவுக்கே கேட்கும்படி பேசுவார். அப்பாயி வாங்கிக் காதில் வைத்து "ம்" என்பார். இன்னொரு "ம்". பிறகு போன் என் கைக்கு வந்துவிடும். அப்பாவை இவருக்குப் பிடிக்காது என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

தாத்தா குழித்தறியில் பட்டு வேட்டி நெய்வார். அப்பாயி வாசல் திண்ணையில் ராட்டையோடு உட்கார்ந்து, குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சின்னக் குச்சிகளில் தாராகச் சுற்றுவார். அந்தத் தாரை நாடாவுக்குள் போட்டுத்தான் தாத்தா தறியில் குறுக்கே ஓட்டுவார். ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது தாத்தா தறியை நிறுத்திவிட்டு ஒரு தாரை விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு, இதத் தொட்டுப் பாரு."

கல் மாதிரி இருந்தது. கூடையிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார். அது லேசாக அமுங்கியது.

"இது சனிக்கிழம சுத்துனது. அது நேத்து. உங்கப்பன் போன் பண்ணுன நாளெல்லாம் இப்படித்தான். நாடால போட்டா நூல் வரமாட்டேங்குது, கரைய உள்ள இழுக்குது."

"சொல்ல வேண்டியதுதானே தாத்தா?"

"சொன்னா அதையும் விட்டுருவா" என்றார். இறுகின தார்களை ஓரமாக எடுத்துவைத்து, அப்பாயி கடைக்குப் போன நேரத்தில் அவரே திரும்பச் சுற்றினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த வேலை நடக்கிறதாம்.

அப்புறம் நான் புத்தகப் பையை வைத்ததும் முதலில் போவது தார்க் கூடைக்குத்தான். எல்லாம் இறுக்கமாகவே இருக்கும் என்றில்லை. அத்தைக்குக் குழந்தை பிறந்த வாரம் தார் ஒவ்வொன்றும் ஒரே அளவாக, கடையில் வாங்கியது போல இருந்தது. அம்மாவுக்கு டைபாய்டு என்று தெரிந்த அன்று தளர்ந்து, நாடாவுக்குள் நூல் கொத்துக்கொத்தாகச் சரிந்தது. தாத்தா அரை முழம்கூட நெய்யவில்லை. அன்றைக்கு நானாகவே அப்பாயியின் பாயை என் பக்கமாக இழுத்துப் போட்டேன். அவர் பார்த்தார், படுத்துக்கொண்டார்.

ஆடிப் பண்டிகைக்கு அப்பா வந்தார். பக்கத்தில் குகைப் பகுதிக்குப் போய், சாமி வேஷம் கட்டியவர்கள் வண்டிகளில் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கை பார்த்தோம். மறுநாள் சாப்பிடும்போதுதான் சொன்னார்: அங்கே தனி வீடு பார்த்தாகிவிட்டது, பக்கத்திலேயே பள்ளிக்கூடமும் இருக்கிறது, இப்போதே பாப்பாவைக் கூட்டிப் போகலாம் என்று. தாத்தா அப்பாயியைப் பார்த்தார். அப்பாயி அப்பாவின் இலையில் ரசம் ஊற்றி, "கூட்டிட்டுப் போ" என்றார்.

அப்பாவுக்கு நிம்மதி. எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் கூடையைப் பார்த்தேன். வெறும் தார்க்குச்சிகள். ராட்டை சுவரோரம் சாத்தியபடி இருந்தது. உடம்பு காய்ச்சலாகக் கொதித்தபோதுகூட அப்பாயி சுற்றாமல் இருந்ததில்லை. உள்ளே தாத்தா குழியில் சும்மா கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு என்ன தோன்றியதோ, ராட்டையை இழுத்துப்போட்டு நானே சுற்ற ஆரம்பித்தேன். நூல் விரலை அறுத்தது. ஒரு குச்சி முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. நிமிர்ந்தால் அப்பாயி எதிரில் நிற்கிறார். குனிந்து ஒரு தாரை எடுத்தார், கட்டைவிரலால் அமுக்கினார். இன்னொன்றையும் எடுத்து அமுக்கினார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். அவ்வளவு நேரம் அவர் என்னைப் பார்த்து நான் அறியேன்.

பக்கத்தில் உட்கார்ந்து, நூல் பிடித்த என் விரல்களைத் தன் விரல்களால் தளர்த்தினார்.

"இறுக்காத."

நான் சுற்றின தார் இரண்டையும் முழுசாகப் பிரித்துப் போட்டார். எழுந்து, பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்த அப்பாவிடம் போனார்.

"முழுப் பரிட்சை முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"மத்தியானம் நீதானம்மா கூட்டிட்டுப் போன்னு சொன்ன?"

அதற்குப் பதில் இல்லை. அப்பாயி திண்ணைக்கு வந்து ராட்டையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்பா ஒன்றும் புரியாமல் தாத்தாவைப் பார்த்தார்.

"என்னை ஏன்டா பாக்குற?" என்றார் தாத்தா. "நானே மத்தியானத்திலருந்து தார் இல்லாம உக்காந்திருக்கேன்."